காது, காதணி, கிருதா: முகம் மாற்றிய படத்தின் ஒட்டுக்கோட்டைக் கட்டும் முறை

ஒருவருடைய முகத்தை மற்றொருவருடைய உடற்படத்தில் பொருத்தும்போது, புதிய முகம் முடிந்து பழைய படம் தொடங்கும் எல்லையை இந்நூல் ஒட்டுக்கோடு என்று குறிக்கிறது. கண், மூக்கு, வாய் ஆகியவற்றை இன்றைய மென்பொருள்கள் ஓரளவு செம்மையாகவே மாற்றிவிடுகின்றன. பார்ப்பவர் ஏதோ பொருந்தவில்லை என்று உணர்வது பெரும்பாலும் கன்னத்தின் ஓரத்தில்தான். தோல், முடி, காது, உலோகம் ஆகிய நான்கும் அங்கே இரண்டு விரற்கடை இடத்துக்குள் சந்திக்கின்றன. ஒளியை அவை நான்கும் நான்கு விதமாக வாங்குகின்றன. கிருதா என்பது காதுக்கு முன்னே கன்னத்தில் இறங்கும் முடிப்பட்டை. சோணை என்பது காதின் அடியில் தொங்கும் மென்சதை. தலையின் புறக்கோடு, அதாவது பின்னணியிலிருந்து தலையைப் பிரித்துக் காட்டும் வெளிவரை, இயல்பாக அமைவது இவ்விரண்டையும் காதணியையும் பொறுத்தது.

மென்பொருள் இந்த இடத்தில் தடுமாறுவதற்குக் காரணம் அதன் கட்டமைப்பிலேயே இருக்கிறது. முகத்தை அளப்பதற்குப் பரவலாகப் பயன்படும் 68 புள்ளி முறையில் முதல் 17 புள்ளிகள் ஒரு காதோரத்தில் தொடங்கித் தாடை வழியாக மறு காதோரம்வரை செல்கின்றன. காதின்மீது ஒரு புள்ளிகூட இல்லை. பலரும் பயன்படுத்தும் inswapper_128 என்ற மாதிரியோ, பெயரே சொல்வதுபோல், 128 பிக்சல் சதுரத்துக்குள் முகத்தை மாற்றித் தருகிறது. அந்தச் சதுரத்தில் காதுக்குக் கிடைக்கும் இடம் மிகச் சொற்பம். எனவே முகம் புதியவருடையதாகவும் காது உடல் தந்தவருடையதாகவும் ஒரு படம் உருவாகிறது. 2021இல் ஷ்ருதி அகர்வால், ஹானி ஃபரித் ஆகிய ஆய்வாளர்கள் போலிக் காணொளிகளைக் கண்டறிய இந்த இயல்பையே பயன்படுத்தினர்: பேசும்போது தாடை அசைவுக்கேற்பக் காதும் நுட்பமாக அசைகிறது, முகம் மட்டும் மாற்றப்பட்ட காணொளியில் காதின் வடிவமும் அசைவும் பழைய ஆளுடையதாகவே தங்கிவிடுகின்றன.

ஆகவே இந்த வேலையில் முதலில் முடிவு செய்யவேண்டியது, காது யாருடையது என்பதாகும். முகத்தைத் தருபவருடைய காதை வைப்பதா, உடலைத் தருபவருடைய காதை வைப்பதா என்ற கேள்விக்கு விடை காணாமல் ஒட்டுக்கோட்டை மழுப்பத் தொடங்கினால், பாதிக் காது ஒருவருடையதாகவும் மீதி மற்றவருடையதாகவும் நிற்கும். இந்த அத்தியாயம் பரிந்துரைக்கும் விடை, காதின் வடிவத்தை முகம் தருபவரிடமிருந்தும், காதின் தோலையும் ஒளியையும் உடல் தருபவரிடமிருந்தும் எடுப்பது. பின்வருவன அனைத்தும் அந்த விடையின் விரிவே.

எடுத்துக்கொண்ட பணி

மறைந்த பெற்றோர் இருவரும் சேர்ந்து நிற்கும் ஒரு படம்கூட இல்லாத குடும்பங்கள் தமிழ்நாட்டின் சிற்றூர்களில் ஏராளம். அவர்களைச் சேர்த்து ஒரு படம் செய்து தரும் பணி ஸ்டுடியோக்களுக்குப் பழக்கமானது. விழுப்புரம் மாவட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையில், மரக்காணம் உப்பளக் கரையைச் சேர்ந்த அனுமந்தையில் இத்தகைய பணி ஒன்று வருவதாகக் கொள்ளலாம். கணவர் உப்பளத்தில் வேலை செய்தவர். அவருடைய நாற்பது வயதுக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று உள்ளது. மனைவியின் ஐம்பது வயதுக் கலர்ப்படம் ஒன்று, திருமண வீட்டில் ஃப்ளாஷ் அடித்து எடுக்கப்பட்டதாக உள்ளது. உப்புப் பாத்திகள் பின்னால் தெரிய இருவரும் வரப்பில் நிற்பதுபோல் 12க்கு 8 அங்குலப் படம் வேண்டும் என்று குடும்பம் கேட்கிறது.

உடல் தருவதற்கு மகனும் மகளுமே மிகப் பொருத்தமானவர்கள். திரைத்துறையில் டூப் என்று சொல்லப்படும் இந்த இடத்துக்கு உறவினரைத் தேர்வது புதிதன்று. 2013இல் விபத்தில் இறந்த ஹாலிவுட் நடிகர் பால் வாக்கரின் பகுதிகளை ‘ஃபியூரியஸ் 7’ படத்துக்காக நிறைவுசெய்தபோது அவருடைய தம்பியர் இருவரும் உடல் தந்தனர். தமிழில் 2024 செப்டம்பரில் வெளியான ‘தி கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ படத்தில், முந்தைய ஆண்டு டிசம்பரில் மறைந்த விஜயகாந்தின் தோற்றம் செயற்கை நுண்ணறிவின் துணையோடு, குடும்பத்தாரின் ஒப்புதல் பெற்று அமைக்கப்பட்டது. ஸ்டுடியோவிலும் அந்த ஒப்புதல் வேலைக்கு முன்னரே பெறப்படவேண்டும். உடன்பிறந்தாரும் பிள்ளைகளும் உடல் தரும்போது தோல் நிறம், கழுத்தின் தடிமன், முடியின் அடர்த்தி ஆகியவை நெருங்கி வருவதோடு, காதின் அடிப்படை அமைப்பும் ஓரளவு ஒத்திருக்க வாய்ப்புண்டு. இதனால் பின்னர் செய்யவேண்டிய திருத்தம் பெரிதும் குறைகிறது.

உடற்படம் எடுக்கும்போது கேமரா நிற்கும் தூரம் காதின் அளவைத் தீர்மானிக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மூக்கு நுனியிலிருந்து காதுவரை ஆழம் சுமார் 12 செ.மீ. கைப்பேசியை அரை மீட்டர் தூரத்தில் பிடித்து எடுத்தால், மூக்கைவிடக் காது கேமராவிலிருந்து நான்கில் ஒரு பங்கு கூடுதல் தூரத்தில் இருக்கிறது. எனவே காது சுருங்கி, கன்னத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. இரண்டரை மீட்டரில் எடுத்தால் அந்த வேறுபாடு ஐந்து விழுக்காட்டளவே. பழைய ஸ்டுடியோப் படங்கள் சில மீட்டர் தள்ளி நின்று எடுக்கப்பட்டவை ஆகையால், அவற்றில் காது முழு அகலத்தோடு தெரியும். மகனையும் மகளையும் இரண்டரை மீட்டருக்குக் குறையாத தூரத்தில் நிறுத்தி, ஜூம் செய்து எடுத்தால் மட்டுமே பழைய முகமும் புதிய காதும் ஒரே தலையில் உட்காரும். இதைத் தவறவிட்ட படத்தைப் பின்னர் காதை இழுத்துப் பெரிதாக்கிச் சரிசெய்ய முயல்வது, தாடை முனையைக் கெடுத்துவிடும்.

உப்பளத்தின் ஒளியும் தனித்தன்மை உடையது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது, பாத்தி நீரும் வாரிக் குவித்த உப்பும் அந்த ஒளியைக் கீழிருந்து மேலே திருப்பி அனுப்புகின்றன. அதனால் ஸ்டுடியோப் படங்களில் கறுப்பாக விழும் சோணையின் அடிப்பக்கமும் தாடையின் கீழ்ப்பக்கமும் இங்கே வெளிர்ந்து தெரியும். கதிரவன் ஆளுக்குப் பின்னால் இருந்தால் மெல்லிய மடல் வழியாக ஒளி ஊடுருவிக் காது செம்மஞ்சளாக ஒளிரும். இந்த இரண்டு விளைவுகளையும் தூரிகையால் வரைவது கடினம். அவ்விடத்திலேயே நிற்கும் மகளுடைய காதிலும் மகனுடைய காதிலும் அவை தாமாகவே பதிவாகின்றன. தோலையும் ஒளியையும் உடல் தருபவரிடமிருந்தே எடுக்கவேண்டும் என்று முன்னர் சொன்னதற்கு முதன்மையான காரணம் இதுவே.

காது

பழைய படங்களை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்யவேண்டும். படத்தில் முகம் 25 மி.மீ. உயரம் இருந்தால் அது ஏறத்தாழ 590 பிக்சல் ஆகும். காது அதில் மூன்றில் ஒரு பங்கு. வடிவத்தைப் படித்தறிய இது போதும். தோலின் நுண்மைக்குப் போதாது. இறுதிப் படம் 300 டிபிஐயில் 3600க்கு 2400 பிக்சல் ஆகும். இருவரும் அரையுருவமாக நிற்கும் அமைப்பில் ஒரு முகத்துக்கு நெற்றி முடியிலிருந்து முகவாய்வரை 700 பிக்சல் கிடைக்கும். முகத்தின் உண்மையான உயரத்தைச் சுமார் 19 செ.மீ. என்று கொண்டால், ஒரு மில்லிமீட்டருக்கு 3.7 பிக்சல் வருகிறது. இந்த ஓர் எண்ணைக் குறித்துவைத்தால், பின்வரும் எல்லா அளவுகளையும் ஊகமின்றிக் கணக்கிடலாம்.

முகமாற்றத்தை முதலில் மென்பொருளில் செய்து, அது காதையும் முடியையும் தொடாதவாறு தடுத்துவிடுவது நல்லது. படத்தின் ஒவ்வொரு பிக்சலும் முகத்தின் எந்த உறுப்பைச் சேர்ந்தது என்று பிரித்துக் கூறும் நிரல்கள் உள்ளன. 30,000 முகப் படங்கள் கொண்ட CelebAMask-HQ என்ற தொகுப்பில் பயிற்சிபெற்ற, பரவலாகப் புழங்கும் நிரலில் 7, 8 ஆகிய எண்கள் காதுகளையும், 9 காதணியையும், 17 முடியையும் குறிக்கின்றன. முகமாற்றத்தின் மாஸ்க்கிலிருந்து, அதாவது மாற்றம் நிகழும் பகுதியைக் குறிக்கும் வெள்ளைப் பரப்பிலிருந்து, அவற்றை விலக்குவதற்கு இரண்டு வரிகள் போதும்.

```python
keep = np.isin(labels, [7, 8, 9, 17])
mask[keep] = 0
```

எண்கள் அடங்கிய படத்தைப் பெரிதாக்கும்போது அருகிலுள்ள எண்ணை அப்படியே எடுக்கும் முறையைத் தேர்வுசெய்யவேண்டும். சராசரி எடுக்கும் முறையில் 7க்கும் 17க்கும் நடுவே 12 என்ற எண் முளைத்து, காதோரத்தில் மேலுதடு இருப்பதாக நிரல் எண்ணிக்கொள்ளும். மாட்டலுக்கு இந்த நிரலில் தனி எண் கிடையாது. காதணியிலிருந்து காதின் மேலாகச் சென்று முடியில் கோக்கப்படும் அந்தச் சங்கிலியை நிரல் ஒரு முறை முடி என்றும் மறுமுறை தோல் என்றும் எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், அதைக் கையால் திருத்துவதே பாதுகாப்பானது.

இப்போது மகளுடைய காது அப்படியே நிற்க, நடுவில் தாயின் முகம் வந்துவிட்டது. இனித் தாயின் பழைய படத்தை அதே அளவுக்குக் கொணர்ந்து, பாதி ஒளிபுகும் லேயராக மேலே வைத்து, மூன்று இடங்களை ஒப்பிடவேண்டும். முதலாவது, மடலின் உச்சியும் சோணையின் அடியும் நிற்கும் உயரம். நேரே பார்க்கும் முகத்தில் உச்சி புருவ மட்டத்திலும் அடி மூக்கின் கீழ்முனை மட்டத்திலும் ஏறக்குறைய அமையும், முகம் குனிந்தால் காது மேலேறும், நிமிர்ந்தால் கீழிறங்கும். இரண்டாவது, காது தலையிலிருந்து விலகி நிற்கும் அளவு. புறக்கோட்டில் முதலில் கண்ணில் படுவது இதுவே. மூன்றாவது, சோணை கன்னத்தோடு சேரும் முறை. சிலருக்கு அது தனியே தொங்கும், சிலருக்கு நேரே கன்னத்தில் ஒட்டியிருக்கும். ஒட்டிய சோணையுள்ள தாய்க்குத் தொங்கும் சோணையை வைத்துவிட்டால், வேறு எதைச் சரிசெய்தாலும் வீட்டார் அந்த முகத்தை ஏற்கமாட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் காவல்துறையில் ஆளடையாள முறையை வகுத்த அல்ஃபோன்ஸ் பெர்த்தியோன் காதின் வடிவத்துக்கு அத்துணை இடம் கொடுத்ததன் நியாயம் இத்தகைய வேலையில் நன்கு விளங்கும்.

வேறுபாடுகளைக் குறித்த பின், மகளுடைய காதைத் தனி லேயராக வெட்டி, லிக்விஃபை அல்லது வார்ப் கருவியால் தாயின் காதுக் கோட்டுக்கு மெல்ல நகர்த்தவேண்டும். பெரிய தூரிகையால் முழுக் காதையும் முதலில் நகர்த்திவிட்டு, சோணையைக் கடைசியில் தொடுவது முறை. கனமான கம்மலைப் பல்லாண்டுகள் அணிந்த பெண்களுக்குச் சோணை கீழிறங்கி, துளை நீண்ட கீற்றாக மாறியிருக்கும். அந்தக் கீற்றையும் சேர்த்தே வடிவமைக்கவேண்டும். வயதும் கணக்கில் வரவேண்டிய ஒன்றாகும். பிரிட்டனில் 206 பேரை அளந்து 1995இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று, காது ஆண்டுக்குச் சராசரியாக 0.22 மி.மீ. நீள்கிறது என்று கண்டது. நாற்பது வயதுப் படத்தில் உள்ள தந்தையை அறுபது வயதினராகக் காட்டவேண்டுமாயின் 4.4 மி.மீ., அதாவது நம் படத்தில் 16 பிக்சல், காது நீளவேண்டும். இது சராசரியே ஆகையால், அந்த மனிதரின் பிற்காலப் படம் கிடைத்தால் அதுவே மேலானது.

ஒட்டுக்கோட்டின் மென்மை எங்கும் ஒரேயளவாக இருக்கலாகாது. மிகுதியாகச் செய்யப்படும் பிழை இதுவே. கன்னத்தில் தோலும் தோலும் சேருமிடத்தில் ஃபெதர் எனப்படும் ஓர மழுப்பல் 20 முதல் 30 பிக்சல்வரை இருக்கலாம். காதுக்கும் பின்னணிக்கும் இடையிலோ அது ஒன்றிரண்டு பிக்சலுக்கு மேல் போகக்கூடாது. போனால் வெண்மையான உப்புப் பரப்பு காதோரத்துக்குள் கசிந்து, தலையைச் சுற்றி வெளிறிய வளையம் தோன்றும். முகம் கழுத்தோடு சேரும் கோட்டைக் காதின் பின்மடிப்பு வழியாக இறக்கித் தாடையின் கீழ்நிழலுக்குள் கொண்டுபோகவேண்டும். இயற்கையாகவே கோடு இருக்கும் இடங்கள் இவை. அங்கே வரும் சிறு பிசகு கண்ணுக்குத் தெரிவதில்லை. காதுத் துளையின் முன்னே கன்னத்தோடு நிற்கும் சிறு திரட்சியை மட்டும் எக்காரணத்துக்காகவும் கோடு குறுக்கே வெட்டக்கூடாது.

கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து வரும் தந்தையின் முகத்துக்கு நிறமூட்டும்போது கன்னத்தின் நிறத்தையே காதுக்கும் பூசுவது வழக்கமான தவறு. குருதியோட்டமும் மெல்லிய தோலும் காரணமாகக் காது கன்னத்தைவிடச் சற்றுச் சிவந்தே இருக்கும். மாநிறத்திலும் கருநிறத்திலும் அந்தச் சிவப்பு மடல் விளிம்பிலும் சோணையிலும் மட்டும் தெரியும். மகனுடைய காதையே அடித்தளமாகக் கொண்டால் இந்த வேறுபாடு உள்ளபடியே கிடைத்துவிடும்.

காதணி

பழைய படத்திலிருந்து காதணியை வெட்டியெடுத்து ஒட்டுவது ஏறத்தாழ எப்போதும் தோல்வியில் முடிகிறது. தங்கத்துக்கென்று நிலையான ஒரு நிறம் படத்தில் இருப்பதில்லை. அது தன்னைச் சுற்றியுள்ளவற்றைக் காட்டுகிறது. திருமண வீட்டில் எடுத்த படத்தில் தாயின் கம்மல் ஃப்ளாஷின் வெள்ளைப் புள்ளியையும் இருண்ட அறையையும் காட்டும். உப்பளத்திலோ அதே கம்மலின் மேற்பாதி வானத்தையும் கீழ்ப்பாதி உப்பின் வெண்மையையும் காட்டியாகவேண்டும். கல்வைத்த தோடானால் ஒவ்வொரு கல்லின் முகப்பும் ஒளியை வேறு திசையில் எறியும் என்பதால், அதை ஒளிமாற்றம் செய்ய வழியே இல்லை.

நல்வாய்ப்பாக, இத்தகைய நகைகளைக் குடும்பங்கள் பெரும்பாலும் விற்காமல் வைத்திருக்கின்றன. படமெடுக்கும் நாளில் தாயின் கம்மலையே மகள் அணிந்து நிற்பது எல்லாவற்றிலும் சிறந்தது. மகளுடைய துளை சிறியதாக இருந்து தண்டு நுழையாவிட்டால் வலிந்து நுழைக்கலாகாது. மகள் நின்ற அதே இடத்தில், காதின் உயரத்தில் ஒரு குச்சியில் நகையை மாட்டி, அதே தூரத்திலிருந்து தனியாக எடுத்துக்கொள்ளலாம். நகை இல்லாமற்போயிருந்தால் அதே அமைப்புள்ள வேறொன்றை அவ்வாறே எடுத்துப் பயன்படுத்தலாம்.

பொருத்தும்போது காதணியின் ஒவ்வொரு பகுதியும் எதற்குக் கட்டுப்பட்டது என்று பிரித்தறியவேண்டும். சோணையில் திருகாணியால் இறுக்கப்பட்ட கம்மல் தலையோடு சேர்ந்து சாயும். அதன் கீழே தொங்கும் ஜிமிக்கி தலை எவ்வளவு சாய்ந்தாலும் தரைக்குச் செங்குத்தாகவே தொங்கும். மாட்டல் இரண்டு முனைகளிலும் பிடிக்கப்பட்டிருப்பதால் நடுவில் சற்றே தொய்ந்து வளையும். முகத்தையும் காதணியையும் ஒன்றாகச் சேர்த்துச் சில பாகை திருப்பிய படத்தில் ஜிமிக்கியும் சேர்ந்து சாய்ந்துவிடுகிறது; நிற்கும் ஆளின் ஒரு காதில் மட்டும் காற்று அடித்துத் தள்ளியதுபோல் அது தோன்றும். எனவே ஜிமிக்கியைத் தனி லேயரில் வைத்து, தலையைச் சாய்த்து முடித்த பின்னரே தொங்கவிடவேண்டும்.

காதணி சோணையின்மேல் மிதப்பதுபோல் தோன்றுவதற்குக் காரணம் தொடுநிழல் இல்லாமையே. கம்மலின் விளிம்பைத் தொட்டு இரண்டு மூன்று பிக்சல் அகலத்தில் அடர்ந்த, செம்பழுப்பு நிற நிழல் ஒன்று வேண்டும். கறுப்பு நிறத்தால் அதை இடக்கூடாது. ஜிமிக்கியின் நிழல் தாடையிலோ கழுத்திலோ, வெயில் வரும் திசைக்கு எதிர்ப்பக்கம், மென்மையாக விழவேண்டும். உப்பளத்தின் கீழொளி அந்த நிழலை வெளிறச் செய்யும் என்பதால், மகளுடைய மூக்கின் நிழல் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவே இதற்கும் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு காதிலும் ஒரே நகைப் படத்தைத் திருப்பி ஒட்டுவதும் கூடாது. வெயில் ஒரு பக்கத்திலிருந்து வரும்போது இரண்டு கம்மல்களும் ஒரே புள்ளியில் மின்ன முடியாது.

முகத்தைக் கூர்மையாக்கித் தரும் மறுசீரமைப்பு நிரல்களைப் பயன்படுத்துவோர், அவற்றைக் காதணி பொருத்துவதற்கு முன்பே இயக்கிவிடவேண்டும். பின்னர் இயக்கினால், கற்ற முகங்களின் நினைவிலிருந்து அவை காதணியைத் தாமாகவே வரைய முற்பட்டு, தோடு என்றும் வளையம் என்றும் சொல்லமுடியாத ஒரு மஞ்சள் திட்டை விட்டுச்செல்லும்.

கிருதா

மகனுடைய கிருதா இக்காலப் பாணியில் குட்டையாகவும் அடியில் மெலிந்தும் இருக்க, தந்தையின் பழைய படத்தில் அது அகன்று சோணைவரை இறங்கியிருக்கலாம். எழுபதுகளின் படங்களில் இது மிகச் சாதாரணம். அதை இன்றைய கண்ணுக்கு ஏற்பக் குறைக்கக்கூடாது, ஏனெனில் முகத்தின் அகலத்தை வீட்டார் நினைவில் வைத்திருப்பது அந்த முடிப்பட்டையோடுதான். முகமாற்ற நிரலோ கிருதாவைத் தோல் என்றும் முடி என்றும் தீர்மானிக்க முடியாமல் பழுப்புக் கறையாக மழுப்பியிருக்கும். அந்தக் கறையின்மீதே முடி வரைந்தால் கறை அடியில் தெரிந்துகொண்டே இருக்கும். ஆகவே முதலில் அவ்விடம் முழுவதையும் க்ளோன் கருவியால் வெறும் தோலாக மாற்றி, கன்னத்தின் ஒளியும் நிழலும் காதுவரை தடையின்றி ஓடுகின்றனவா என்று பார்த்த பின்னரே முடியைத் தொடங்கவேண்டும்.

முடியின் பருமனைப் பற்றிய கணக்கு இங்கே பெரிதும் உதவும். ஒரு தலைமுடியின் பருமன் சுமார் 0.07 மி.மீ.; மில்லிமீட்டருக்கு 3.7 பிக்சல் என்ற நம் அளவில் அது கால் பிக்சல்தான். ஒரு பிக்சல் தூரிகையால் முழுக் கறுப்பில் கோடு போட்டால், கால் மில்லிமீட்டருக்கும் மேலான பருமனுள்ள கம்பி முளைத்ததாகப் படும். எனவே ஒரு பிக்சல் அல்லது இரண்டு பிக்சல் தூரிகையை 25 முதல் 30 விழுக்காடு அடர்த்தியில் வைத்து, ஒரு கோடு ஓரிரு முடிகளைக் குறிப்பதாகக் கொண்டு வரையவேண்டும். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது அடர்த்தி தானாகக் கூடும். திசை மேலிருந்து கீழாக, அடியில் சற்றே காதை நோக்கித் திரும்பியதாக இருக்கும். பழைய படத்தை உருப்பெருக்கிப் பார்த்து இந்தத் திருப்பத்தை உறுதிசெய்துகொள்வது நல்லது, ஏனெனில் ஆளுக்கு ஆள் இது மாறும்.

கிருதாவின் மூன்று ஓரங்களும் மூன்று வகை. முன்னோரம் கன்னத்தை நோக்கி முடி குறைந்து குறைந்து மறைவது. அங்கே கோடே இருக்கக்கூடாது, இடைவெளி கூடிய ஒற்றைக் கோடுகள் மட்டுமே இருக்கவேண்டும். கீழோரம் சவரக்கத்தி பட்ட இடமாதலால் திருத்தமாக இருக்கும்; ஆயினும் அதற்குக் கீழே மழித்த தாடியின் நீலச் சாயல் தொடரவேண்டும், அது இல்லாவிட்டால் கிருதா ஒட்டுத்தாள்போல் நிற்கும். பின்னோரம் காதுக்கு முன்னுள்ள முடியில்லாத மெல்லிய தோல்பட்டை. முடியையும் காதையும் பிரித்துக் காட்டுவது இதுதான் என்பதால், இதை மூடிவிடும் படங்களில் காது முடிக்குள்ளிருந்து முளைத்ததாகத் தோன்றுகிறது. நரையும் பெரும்பாலோர்க்கு இப்பகுதியில்தான் தொடங்குகிறது. தந்தையை அறுபது வயதினராகக் காட்டும்போது கருமை, சாம்பல், வெண்மை என மூன்று நிறங்களில் வரைந்து, வெண்மையைக் கடைசியாக, மிகச் சிலவாக, ஒளி விழும் பக்கத்தில் சேர்க்கவேண்டும்.

தாயின் படத்தில் கிருதா இல்லையெனினும் காதுக்கு முன்னே இறங்கும் மென்முடி உண்டு. எண்ணெய் தடவி இழுத்து வாரிய தலையில் காதின் மேற்பகுதியை முடி மூடியிருக்கும். ஆகவே லேயர்களின் அடுக்கில் காதின்மேல் முடியும், முடியின்மேல் மாட்டலும், காதுக்குப் பின்னே கொண்டை முடியும் வரவேண்டும். இந்த அடுக்கு மாறிவிட்டால் காது முடியின்மேல் ஒட்டவைக்கப்பட்டதாகத் தெரியும்.

சரிபார்ப்பும் எல்லையும்

கட்டி முடித்த காது, காதணி, கிருதா ஆகியவை கணினியில் பிறந்த மழமழப்போடு இருக்கும். முகமோ பழைய படத்தின் மணித்தன்மையைக் கொண்டிருக்கக்கூடும். எல்லா லேயர்களையும் சேர்த்த பின் அனைத்தின்மீதும் ஒரேயளவு நாய்ஸ், அதாவது நுண்மணித் தூவல், இட்டால் இரண்டும் நெருங்கி வரும். அதற்குப்பின் இரண்டு சோதனைகள் போதுமானவை. இரண்டு தலைகளையும் முழுக் கறுப்பால் நிரப்பி, புறக்கோட்டை மட்டும் பார்க்கும்போது, காதின் கீழ்முனை, தாடை முனை, கழுத்து ஆகிய மூன்றும் கூடும் பள்ளம் பழைய படத்தில் உள்ளதுபோல் இருக்கவேண்டும். அது நிரம்பி வழவழப்பாக இருந்தால் ஃபெதர் மிகுந்துவிட்டது என்று பொருள். அடுத்து, படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால், கை பழகிப்போனதால் கண் விட்டுவிட்ட சாய்வுகளும் இரட்டை மின்னல்களும் உடனே புலப்படும்.

மூலப்படம் வாக்காளர் அட்டையில் உள்ள படத்தின் அளவே உள்ளபோது இம்முறை செல்லுபடியாகாது. அதில் காதுக்குக் கிடைக்கும் சில பிக்சல்களிலிருந்து வடிவத்தைப் படிக்க முடியாது. படித்ததாகச் சொல்லி வரைவது கற்பனையாகவே முடியும். அந்நிலையில் பிள்ளைகளில் யாருடைய காது இறந்தவரை ஒத்தது என்று வீட்டாரிடம் கேட்டு, அவருடைய காதை மாற்றமின்றி வைத்து, அவ்வாறு செய்ததை அவர்களிடம் சொல்லிவிடுவதே நேர்மையானது. பெண்ணின் படமானால் பூச்சரத்தையோ முந்தானையையோ காதின்மேல் கொணரலாம் என்று சிலர் ஆலோசனை கூறுவர். அவர் வாழ்நாளில் அவ்வாறு அணிந்திருந்தால் மட்டுமே அது ஏற்கத்தக்கது.

படத்தைக் கையளிக்கும்போது அதன் பின்புறத்தில், இது கணினியில் சேர்த்து அமைத்த படம் என்பதையும், உடலும் காதின் தோலும் மகனுடையவை, மகளுடையவை என்பதையும், செய்த ஆண்டையும் அழியாத மையில் எழுதித் தரவேண்டும். வாரிசுச் சான்று, ஓய்வூதியம், சொத்து ஆகியவை குறித்த எந்த மனுவிலும் இப்படத்தை இணைக்கலாகாது என்பதையும் குடும்பத்தாரிடம் அப்போதே சொல்லிவிடவேண்டும்.